டிவி திரையைத் துடைக்க எது நல்லது: போர் தண்ணீரா, பாட்டில் ஸ்ப்ரேயா, பேட்டரித் தண்ணீரா?

மார்கழி பிறந்துவிட்டால் கோயம்புத்தூர் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று எங்கள் ஊர்களில் நிற்பதே இல்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எல்லைக்கு இந்தக் கேரளப் பக்கம் இருக்கும் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் காலையில் பெருக்கினால் மத்தியானம் மறுபடியும் புழுதி. தரையில் இருப்பதைப் பெருக்கிவிடலாம். டிவி திரையில் படிவதைத்தான் என்ன செய்வதென்று தெரியாமல், கைக்கு அகப்பட்டதை எடுத்துத் துடைக்கிறார்கள். டிவி பழுது பார்க்கப் போகிற வீடுகளில், வந்த வேலை முடிந்ததும் என்னிடம் கேட்கப்படும் அடுத்த கேள்வி அநேகமாக இதுதான்: "இதை எதுல தொடைக்கறதுங்க? தொடைச்சா கோடு கோடா வருது."

வழிகள் பல இருப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் ஒருவர் கையில் இருப்பவை நாலைந்துதான். ஈரத் துணி, அதாவது போர் தண்ணீரில் நனைத்தது. கண்ணாடிக்கு அடிக்கிற நீல ஸ்ப்ரே. கொரோனா காலத்திலிருந்து வீட்டில் தங்கிவிட்ட சானிடைசர். கடையில் கிடைக்கும் ‘ஸ்கிரீன் கிளீனர்’ பாட்டிலும் துணியும் சேர்ந்த பொட்டலம். அப்புறம், யாரும் இதற்காக நினைத்துப் பார்க்காத ஒன்று, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர். என் பதில் கடைசியில் சொன்னதுதான். பிசுக்கு இருந்தால் மட்டும் அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. மற்றவற்றை ஏன் தள்ளுகிறேன் என்பதைச் சொல்ல, திரையில் இருப்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய டப்பா டிவியின் முகப்பு கெட்டியான கண்ணாடி. அதைச் செய்தித்தாளைக் கசக்கித் துடைத்தோம், நீல ஸ்ப்ரே அடித்தோம், ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பழக்கம் அப்படியே எல்இடி டிவிக்கும் வந்துவிட்டது. இப்போதைய பெரும்பாலான எல்இடி டிவிகளில் நாம் தொடுவது கண்ணாடியை அல்ல. உள்ளே கண்ணாடி இருக்கிறது, ஆனால் அதன்மேல் போலரைசர் என்கிற பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். படம் தெரிவதற்கே அந்தப் படலம் வேண்டும். அதன் வெளிமுகத்தில்தான், துடைக்கும்போது கெடக்கூடிய மெல்லிய பூச்சு இருக்கிறது. ஓஎல்இடி டிவியிலும் முன்னால் இப்படி ஒரு படலம் உண்டு.

பூச்சு இரண்டு விதம். சன்னல் வெளிச்சம் விழுந்தால் மங்கலாகப் பரவித் தெரிகிற ‘மேட்’ திரையில், மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக இருக்கும். அந்த மேடுபள்ளம்தான் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. எண்ணெய் பட்டால் பள்ளங்கள் நிரம்பி அந்த இடம் கறுத்துப் பளபளக்கும். அழுத்தித் தேய்த்தால் மேடுகளே மழுங்கி, அந்த இடம் நிரந்தரமாகப் பளபளக்கும். இன்னொரு விதத்தில், திரை பளபளப்பாக இருக்கும், ஆனால் எதிரொளி மட்டும் லேசான ஊதா அல்லது பச்சை சாயலுடன் மங்கித் தெரியும். இதில் எதிரொளியைக் குறைக்கும் மெல்லிய அடுக்குகள் உண்டு. அப்படி ஓர் அடுக்கின் கனம் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் கனத்தை எழுநூறாகப் பிரித்தால் கிடைக்கிற அளவு. இவ்வளவு மெல்லியதை எது தேய்க்கிறது, எது கரைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே இரண்டு தொல்லைகள் ஒன்றாகக் குழம்புகின்றன. கோடு விழுவது ஒன்று, பூச்சு கெடுவது வேறு. கோடு என்பது திரவம் காய்ந்த பிறகு அதில் கரைந்திருந்தது மிச்சமாக நிற்பது. அது அழுக்கு, எடுத்துவிடலாம். பூச்சு கெடுவது ரசாயனத்தாலோ, புழுதியோடு சேர்த்துத் தேய்ப்பதாலோ நடப்பது. அதை எடுக்க வழியில்லை. கோட்டைப் போக்குகிறேன் என்று அழுத்தித் தேய்த்தும், வீரியமான பொருளைத் தேடிப்போயும் முதல் தொல்லையை இரண்டாவதாக மாற்றிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

தண்ணீரில் என்ன இருக்கிறது

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டும், பாத்திரம் காய்ந்தால் புள்ளி விழும். அதே வெள்ளைதான் திரையிலும். ஆர்ஓ மெஷின் பார்க்க வருகிறவர் ஒரு சின்னப் பேனா மாதிரிக் கருவியை முக்கி டிடிஎஸ் எண் சொல்வாரே, அதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். உங்கள் போர் தண்ணீர் 800 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் 800 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று அர்த்தம். 43 அங்குலத் திரையை ஈரத் துணியால் துடைக்கும்போது 10 மில்லி தண்ணீர் திரையில் தங்கிக் காய்கிறது என்றால், 8 மில்லிகிராம் உப்பு அங்கேயே நிற்கும். கேட்க ஒன்றுமில்லாத அளவாகத் தோன்றும். ஆனால் அது கறுப்புப் பின்னணியில், அரை சதுர மீட்டர் பரப்பில், துணி போன வளைவுகளில் வரிசையாகப் படிகிறது. பக்கவாட்டில் சன்னல் இருந்தால் ஒவ்வொரு வளைவும் தெரியும்.

அதே அளவு ஆர்ஓ தண்ணீர், எண் 50 என்றால், அரை மில்லிகிராம்தான் விடும். பரவாயில்லை என்று சொல்லலாம். டிஸ்டில்ட் வாட்டர் ஏறக்குறைய ஒன்றுமே விடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கொதிக்க வைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படியும், மற்ற உப்புகள் அப்படியே இருக்கும், தண்ணீர் ஆவியாகிப் போன அளவுக்கு அவற்றின் செறிவும் கூடும். கொதித்துப் பயனில்லை.

மழைத் தண்ணீரில் உப்பு குறைவுதான். ஆனால் ஓட்டில் இருந்து வழிந்ததில் ஓட்டின் புழுதியும் பாசியும் சேர்ந்து வரும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் அதே கதை. அது உப்பில்லாத நீராகத்தான் உருவாகிறது, ஆனால் தூசி படிந்த கூலிங் காயிலின் மேல் வழிந்து, வழுவழுப்புப் பிடித்த குழாய் வழியாக வருகிறது. இரண்டையும் வடிகட்டிப் பயன்படுத்தலாம்தான், ஆனால் பக்கத்துக் கடையில் சீல் போட்ட கேன் கிடைக்கும்போது அந்த வேலை எதற்கு?

பேட்டரிக் கடை, மின்சாதனக் கடை, சில பெட்ரோல் பங்க் எல்லாவற்றிலும் டிஸ்டில்ட் வாட்டர் கிடைக்கும். சில கேன்களில் டீமினரலைஸ்டு வாட்டர் என்று போட்டிருக்கும், அதுவும் நம் வேலைக்குச் சரியானதே. ஒரு விஷயத்தில் மட்டும் கண் வேண்டும். இதே கடைகளில் பேட்டரிக்கு ஊற்றும் ஆசிடும் கிடைக்கும். அது நீர்த்த கந்தக அமிலம். கேன் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். லேபிளைப் படித்து, சீல் உடைக்காத கேனாக வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் பக்கத்தில் பாதி தீர்ந்து கிடக்கும் பழைய கேனை இதற்கு எடுக்காதீர்கள். பேட்டரிக்கு ஊற்றப் பயன்பட்ட புனலும் பாட்டிலும் எங்கெங்கே தொட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சோப்பு எப்போது, பொட்டலம் எப்போது

தண்ணீர் மட்டும் புழுதியையும் உப்பையும் எடுக்கும், எண்ணெயை எடுக்காது. தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு குழந்தை திரையைத் தொட்ட இடம், சமையலறை பக்கத்திலேயே இருக்கும் கூடத்தில் தாளிப்பு வாசத்தோடு வந்து படியும் மெல்லிய பிசுக்கு, சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை இவையெல்லாம் தண்ணீரில் நகருமே தவிரப் போகாது. நகர்ந்த இடம் கோடாகத் தெரியும். இதற்குத்தான் பாத்திரம் கழுவும் திரவம். 100 மில்லி டிஸ்டில்ட் வாட்டருக்கு நாலைந்து சொட்டு போதும். நுரை வர வேண்டியதில்லை. நுரை வந்தால் அதிகம் என்று அர்த்தம், அந்தச் சோப்பே அடுத்த கோடாக நிற்கும். சோப்புத் துணியால் துடைத்த பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த இன்னொரு துணியால் ஒருமுறை துடைப்பது கட்டாயம். இதை விட்டுவிட்டுத்தான் பலர் சோப்பைக் குறை சொல்கிறார்கள். பவுடர், பார் சோப்பு, துணி சோப்பு இவை வேண்டாம். அவற்றில் காரம் உண்டு, பாத்திர பவுடரில் தேய்க்கும் துகளும் உண்டு.

கடையில் வாங்கும் ஸ்கிரீன் கிளீனர் பொட்டலத்தைப் பற்றி எனக்குப் பெரிய எதிர்ப்பு கிடையாது, பெரிய மதிப்பும் கிடையாது. நல்லதாக இருந்தால் அதில் இருப்பது சுத்தத் தண்ணீரும் துளி சோப்பும்தான். அதைத்தான் நாம் வீட்டில் மிகக் குறைந்த செலவில் செய்கிறோம். மோசமானதில் ஆல்கஹால் இருக்கும். லேபிளில் எல்சிடி, எல்இடி திரைக்கு என்றும், ஆல்கஹால், அமோனியா இல்லை என்றும் தெளிவாக எழுதியிருந்தால் வாங்கலாம். எதில் செய்தது என்றே சொல்லாமல் ‘மல்டி பர்ப்பஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதைக் காரின் டேஷ்போர்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலை விட அதோடு வரும் துணிதான் சிலசமயம் உருப்படியாக இருக்கிறது.

எவை கூடவே கூடாது

சோனி டிவிகளோடு வரும் கையேட்டில் ஒரு வரி உண்டு. சொரசொரப்பான பேட், காரமோ அமிலமோ உள்ள கிளீனர், தேய்க்கும் பவுடர், ஆல்கஹால், பென்சீன், தின்னர் போல ஆவியாகும் கரைப்பான், பூச்சிமருந்து, இவை எதையும் பயன்படுத்தக் கூடாது என்று. மற்ற நிறுவனங்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன, கண்ணாடி கிளீனரையும் அமோனியாவையும் சேர்த்துச் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் பூச்சிமருந்து எதற்கு என்று யோசிக்காதீர்கள். டிவிக்குப் பின்னால் பல்லியும் எறும்பும் இருக்கிறதென்று அந்தப் பக்கமாகவே ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. பூச்சிமருந்து ஸ்ப்ரேயில் கரைப்பான் இருக்கும். அது திரையில் படிந்தால் பூச்சும் பிளாஸ்டிக்கும் கெடும். எறும்புக்கு மருந்தடிக்க வேண்டுமென்றால் டிவியைக் கழற்றி நகர்த்திவிட்டு அடிக்க வேண்டும்.

நீல ஸ்ப்ரேயில் இருக்கும் தொல்லை இரண்டு. கண்ணாடி கிளீனர்களில் அமோனியாவோ ஆல்கஹாலோ மற்ற கரைப்பானோ இருக்கும். கண்ணாடியை அவை ஒன்றும் செய்யாது, பிளாஸ்டிக் படலத்தின் பூச்சைக் கெடுக்கும். ஒரே நாளில் தெரியாமல் போகலாம். வாரா வாரம் அடித்தால் ஒருநாள் திட்டாக வெளுத்துத் தெரியும். இரண்டாவது தொல்லை உடனே தெரிவது. ஸ்ப்ரேயை நேராகத் திரையில் அடித்தால் திரவம் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். பல டிவிகளில் திரையை இயக்கும் மெல்லிய சர்க்யூட் பட்டைகள் அந்த விளிம்புக்குப் பின்னால்தான் பேனலோடு ஒட்டியிருக்கின்றன. அங்கே ஈரம் பட்டால் செங்குத்தாகக் கோடு விழும், சிலசமயம் திரையின் ஒரு பாதியே போய்விடும். அதன்பிறகு பேனல் மாற்றுவதைத் தவிர வழி குறைவு, பேனல் விலை பல சமயம் புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தண்ணீர் இறங்கிய டிவிக்கு வாரண்டி பேச முடியாது. அதனால் எந்தத் திரவமானாலும், டிஸ்டில்ட் வாட்டரே ஆனாலும், துணியில்தான் அடிக்க வேண்டும். திரையில் அடிக்கவே கூடாது.

சானிடைசர் விஷயத்தில் வாக்குவாதம் வரும். "போனைத் தொடைக்கிறோமே, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். போன் திரையின் முகப்பு கண்ணாடி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை அதில் பயன்படுத்தலாம் என்று சில போன் நிறுவனங்களே சொல்கின்றன. டிவியின் முகப்பு படலம். என் பையிலும் எப்போதும் ஐபிஏ என்கிற அந்த ஆல்கஹால் பாட்டில் இருக்கும், அது சர்க்யூட் போர்டு துடைக்க, திரைக்கு அல்ல. சானிடைசர் ஜெல்லில் ஆல்கஹாலோடு கிளிசரினும் கெட்டிப்படுத்தும் பொருளும் இருப்பதால், கெடுப்பதோடு பிசுபிசுப்பையும் விட்டுப் போகும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் ஈரத் தாள்களிலும் பெரும்பாலும் ஆல்கஹால்தான். குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பானில் லோஷன் இருக்கும், அது பிசுக்கு.

வினிகரும் எலுமிச்சையும் உப்புத் தடத்தைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அமிலம் வேண்டாம் என்று கையேடே சொல்லும்போது, தண்ணீரில் போகக்கூடிய ஒன்றுக்கு எதற்கு அமிலம்? கீறல் மேல் பற்பசை தேய்ப்பது பற்றி ஒரே வார்த்தை: பற்பசை தேய்க்கும் பொருள். ஒரு கீறல் இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு மங்கல் வரும்.

துணிதான் பாதி வேலை

மைக்ரோஃபைபர் துணி இரண்டு வாங்குங்கள், ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்வுக்கு. தோர்த்து, பழைய வேட்டி, செய்தித்தாள், டிஷ்யூ இவை எதுவும் வேண்டாம். தோர்த்தின் நெசவு உடம்பு துடைக்க நல்லது, பூச்சுக்கு முரடு. காகிதமும் டிஷ்யூவும் மரநாரில் செய்தவை, மேட் திரையில் மெல்லிய கீறலும் பஞ்சும் விடும்.

மைக்ரோஃபைபரைத் துவைக்கும்போது வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் துணி மென்மையாக்கியைச் சேர்க்காதீர்கள். அது நூலிழையில் மெழுகு மாதிரிப் படிந்து, அடுத்த முறை திரையில் ஏறும். நல்ல தண்ணீர், நல்ல துணி, ஆனாலும் கோடு விழுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். மொட்டைமாடிக் கொடியில் காயப்போடுவதும் இந்த ஊர்க் காற்றில் ஆகாது. புழுதியில் இருப்பது பெரும்பாலும் மணல் துகள், அது அந்தப் பிளாஸ்டிக் பூச்சை விடக் கடினமானது. மாடியில் காய்ந்த துணி அதைச் சுமந்துகொண்டே இறங்கி வரும். வீட்டுக்குள் காயவைத்து, மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஒரு வீட்டில் பார்த்தது

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வீடு. 43 அங்குல எல்இடி டிவி, மேட் திரை, கூடத்தில் மேற்குச் சன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தது. வீட்டுக்கார அம்மா சொன்னார்: "தம்பி, தொடைக்கத் தொடைக்கத் திட்டு ஜாஸ்திதான் ஆகுதுங்க. பேனல் போயிருச்சுங்களா?" நீல ஸ்ப்ரேயும் செய்தித்தாளும் முதலில், அது கோடு விட்டதும் போர் தண்ணீரில் ஈரத் துணி, அதுவும் கோடு விட்டதும் பேரன் யோசனைப்படி சானிடைசர். எல்லாமே ஒன்றன்மேல் ஒன்றாக நடந்திருந்தது.

பேனல் போனதா, அழுக்கா என்று பார்க்க முதலில் டிவியை அணைத்தேன். சூடாக இருந்தால் திரவம் சட்டென்று காய்ந்து கோடு விடும் என்பதால் ஆறவும் வேண்டும். பிளக்கைப் பிடுங்கலாம். ஓஎல்இடியாக இருந்தால் அணைத்த உடனே பிடுங்கக் கூடாது, நீண்ட நேரம் ஓடிய பிறகு அணைத்தால் அது சில நிமிடம் உள்ளே தன்னைச் சரிசெய்துகொள்ளும், அதற்கு மின்சாரம் வேண்டும். திரை ஆறிய பிறகு சன்னலைச் சாத்தி, போன் டார்ச்சைத் திரையோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தேன். நேராகப் பிடித்தால் எதுவும் தெரியாது. சாய்வு வெளிச்சத்தில் நாலு விதத் தடங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. முழுத் திரையிலும் வெள்ளை வளைவுகள், அது உப்பு. கீழ் இடது மூலையில் கறுத்த பளபளப்பு, பேரனின் கை உயரம், அது எண்ணெய். மேல் விளிம்பில் பல்லி எச்சம் இரண்டு. நடுவில் உள்ளங்கை அளவில் ஒரு பளபளப்பான திட்டு.

தொடாமல் முதலில் புழுதியைப் போக்க வேண்டும். கேமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பந்து ஒன்று வைத்திருக்கிறேன், அதால் மேலிருந்து கீழாக ஊதினேன். வாயால் ஊதினால் எச்சில் துளி போகும். பந்து இல்லாதவர்கள் உலர்ந்த மைக்ரோஃபைபரால், எடையே இல்லாமல், ஒரே திசையில் ஒருமுறை தட்டிவிடலாம். திரும்பத் திரும்ப உலர் துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, துடைத்த புழுதி பத்து நிமிடத்தில் திரும்பி வரும். இங்கே காற்று வறண்ட மாதங்களில் இது நன்றாகவே தெரியும்.

பல்லி எச்சத்தின் வெள்ளை முனை யூரிக் அமிலம், அது தண்ணீரில் லேசில் கரையாது. நகத்தால் சுரண்டத்தான் எல்லாருக்கும் கை போகும், சுரண்டினால் கீறல் நிச்சயம். டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியின் மூலையை அதன்மேல் இரண்டு நிமிடம் அழுத்தாமல் வைத்திருந்தேன். ஊறியதும் துணியோடு ஒட்டி வந்துவிட்டது. வராவிட்டால் இன்னும் இரண்டு நிமிடம் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு கீழ் மூலைக்கு மட்டும் சோப்புக் கலவை. துணியை நாலாக மடித்து, இரண்டு மூன்று ஸ்ப்ரே அளவு ஈரம். ஈரம் சரியா என்று தெரிந்துகொள்ள ஓர் அளவு வைத்திருக்கிறேன்: பிழிந்தால் சொட்டு வரக் கூடாது, துடைத்த தடம் பத்து எண்ணுவதற்குள் தானே காய வேண்டும். அதைவிட நேரமானால் ஈரம் அதிகம். விரல் நுனியால் அழுத்தாமல் உள்ளங்கையை விரித்து வைத்து, இடமிருந்து வலம், ஒவ்வொரு இழுப்பும் முந்தியதன் மேல் கொஞ்சம் ஏறி வருகிற மாதிரி. வட்டமாகத் தேய்த்தால் கோடு வட்டமாக விழும், வேறு லாபமில்லை. சோப்பு போன பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டர் துணியால் முழுத் திரையும் ஒருமுறை, துணியை வேறு பக்கம் திருப்பி இன்னொருமுறை. உப்பு ஒரே தடவையில் போகாது, முதல் தடவை கரைந்து மெலிதாகப் பரவும், இரண்டாவது தடவைதான் துணியில் ஏறும். பல பேர் முதல் தடவையிலேயே ‘இதுவும் கோடு விடுகிறதே’ என்று விட்டுவிடுகிறார்கள். கடைசியாக உலர் துணி, இந்த முறை மேலிருந்து கீழாக. ஈரத்தைக் கிடையாகவும் உலர்வைச் செங்குத்தாகவும் இழுத்தால், கோடு மிஞ்சினாலும் எந்தத் துணியால் வந்தது என்று அதன் திசையே சொல்லிவிடும்.

மறுபடி டார்ச் பிடித்தபோது வளைவுகள் இல்லை, மூலை மங்கலாகச் சீராக இருந்தது. நடுத்திட்டு மட்டும் அப்படியே. ஈரம் பட்டபோது மறைந்தது, காய்ந்ததும் அதே இடத்தில், அதே வடிவத்தில் வந்து நின்றது. வேறுபாடு இங்கேதான். அழுக்கென்றால் ஒவ்வொரு துடைப்புக்கும் இடமோ வடிவமோ கொஞ்சம் மாறும். பூச்சு கெட்டிருந்தால் மாறவே மாறாது. ஈரத்தில் மறைகிறதே என்று நம்பிவிடக் கூடாது, தண்ணீர் மழுங்கலையும் கீறலையும் தற்காலிகமாக நிரப்பிக் காட்டும். பளபளப்பு வகைத் திரையில் இதே சேதம் வானவில் சாயலோடு தெரியும். ஆனால் அங்கே மெல்லிய எண்ணெயும் அப்படியே சாயல் காட்டும் என்பதால், சோப்புக் கலவையால் ஒருமுறை துடைத்துப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

"அதை எப்படிங்க எடுக்கறது?" என்று கேட்டார். எடுக்க முடியாது. படலத்தையே உரித்துப் புதுப் போலரைசர் ஒட்டிக் கொடுக்கும் ஆட்கள் பெரிய ஊர்களில் உண்டு. ஒட்டும்போது ஒரு தூசி அகப்பட்டாலும் கொப்புளமாக நிற்கும், படலத்தை உரிக்கும்போது பேனலுக்குச் சேதம் வரும் வாய்ப்பும் உண்டு. திரை முழுக்கப் போன டிவிக்கு அது ஒரு வழி. உள்ளங்கை அளவுத் திட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். படம் ஓடவிட்டு சோபாவில் உட்காரவைத்துக் காட்டினேன், தெரியவில்லை. டிவி அணைந்திருக்கும்போது, மேற்குச் சன்னல் திறந்திருக்கும்போது மட்டும்தான் தெரிகிறது. அந்தச் சன்னலுக்கு ஒரு கெட்டித் திரைச்சீலை போட்டால் தீர்ந்தது. சாயங்கால வெயில் திரையில் அடிப்பதும் நிற்கும்.

தினமும் தண்ணீர் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். காற்றுக் காலத்தில் வாரம் ஒருமுறை புழுதியை ஊதிவிடலாம், ஈரத் துணி பார்வைக்கு மங்கலாகத் தெரிந்தால் மட்டும். கேனில் மிச்சமிருந்த தண்ணீரை வீணாக்காமல் இன்வெர்ட்டருக்கு ஊற்றலாமா என்று கேட்டார். கேனிலிருந்து தாராளமாக ஊற்றலாம். சோப்புச் சொட்டு விட்ட பாட்டிலைத்தான் பேட்டரி பக்கம் கொண்டுபோகக் கூடாது.